500 நாள் விபத்தில்லை: இதை இதழில் எப்படி எழுதுவது?

கேள்வி:

கோவையில் ஒரு இரும்பு ஃபவுண்டரியில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனிக்குள் மட்டும் சுற்றும் எட்டுப் பக்க மாத இதழைத் தயாரிப்பதும் என் பொறுப்பு. எங்கள் ஃபெட்லிங் பிரிவில், அதாவது வார்த்தெடுத்த காஸ்டிங்குகளின் பிசிறை உடைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இடத்தில், போன மாதம் விபத்தில்லாமல் 500 நாள் முடிந்தது. அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நான் எழுதியது இதுதான்:

"நமது ஃபெட்லிங் பிரிவு 500 விபத்தில்லா நாட்கள் என்ற மாபெரும் மைல்கல்லை எட்டி வரலாற்றுச் சாதனை படைத்துள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். பொது மேலாளர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலிலும், பாதுகாப்பு அலுவலர் அவர்களின் மேற்பார்வையிலும், ஊழியர்களின் அயராத உழைப்பாலும் இந்த வெற்றி சாத்தியமானது. செம மாஸ் காட்டிய ஃபெட்லிங் டீமுக்கு ஒரு பெரிய சல்யூட்! 1000 நாட்களை நோக்கி வெற்றிநடை போடுவோம்!!!"

படித்த பொது மேலாளர் "உயிரே இல்லையேம்மா" என்றார். பாதுகாப்பு அலுவலரோ "விளையாட்டுத்தனமாக இருக்கிறது" என்கிறார். இரண்டு பேரையும் எப்படித் திருப்திப்படுத்துவது?

எழுதுவதற்கு முன் ஷாப் ஃப்ளோருக்குப் போய் வந்தேன். அங்கே பார்த்ததும் கேட்டதும் இதழுக்குத் தேவைப்படாது என்று விட்டுவிட்டேன். ஒரு மூத்த ஆபரேட்டர் புது கிரைண்டிங் சக்கரத்தை மாட்டுவதற்கு முன் மரக் கைப்பிடியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்றதற்கு, "பானை வாங்கும்போது தட்டிப் பாக்க மாட்டீங்களா? அதேதான்" என்றார். 500 நாளுக்கு முன்னால், அடுக்கி வைத்த காஸ்டிங் சரிந்து ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் பாதத்தில் விழுந்திருக்கிறது. அதன் பிறகு அடுக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஷிப்டில் இருந்தவர்களே பேசி முடிவு செய்தார்களாம். மெயின்டனன்ஸ்காரர்கள் தடுப்புக் கம்பி வைத்த ஸ்டாண்டுகள் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கான செலவுக்குப் பொது மேலாளர் அதே வாரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விபத்து நடக்க இருந்து தப்பியதை எழுதிப் போட ஒரு பெட்டி உண்டு. ஆரம்பத்தில் மாதம் நாலைந்து சீட்டுதான் விழுமாம், இப்போது இருபதைத் தாண்டுகிறது. போன மாதம் ஹாய்ஸ்ட் கொக்கியின் லாட்ச் சரியாக மூடவில்லை என்று ஒருவர் இந்தியில் எழுதிப் போட, மறுநாளே மாற்றிவிட்டார்கள். கேக் வெட்டிய அன்றுகூட இரண்டு சீட்டு விழுந்ததாம். மொத்தம் 34 பேர், அதில் 19 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒடிசா, பீகார்காரர்கள்.

பதில்:

தேவைப்படாது என்று நீங்கள் ஒதுக்கிய கடைசிப் பத்திதான் அந்த அரைப் பக்கம். எழுதி அனுப்பியதை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம்.

நான் கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் குறிப்பில் "ஃபெட்லிங் பிரிவு" இருக்கும் இடத்தில் "கேன்டீன் குழு" என்று போடுங்கள். "500 விபத்தில்லா நாட்கள்" இருக்கும் இடத்தில் "ஒரு லட்சம் சாப்பாடு" என்று போடுங்கள். மீதி ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை, அப்படியே பொருந்தும். பொது மேலாளர் உயிரில்லை என்றது இதைத்தான். நீங்களும் அதை உணர்ந்திருக்கிறீர்கள், அதனால்தான் கடைசியில் "செம மாஸ்" வந்து சேர்ந்தது. முதல் இரண்டு வாக்கியம் மேடைப் பேச்சு, மூன்றாவது சினிமா போஸ்டர். ஒன்றின் விறைப்பைப் போக்க இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் உறுத்தும். பாதுகாப்பு அலுவலரின் புகார் அங்கிருந்து வருகிறது. ஆகவே இருவரும் சொல்வது ஒரே குறையைத்தான்: அந்த 34 பேர் என்ன செய்தார்கள் என்பது குறிப்பில் எங்குமே இல்லை.

எழுத உட்காரும் முன் அந்த எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். "விபத்தில்லா 500 நாள்" என்றால் எந்த விபத்து இல்லாத 500 நாள்? ஃபெட்லிங் ஷாப்பில் கையில் சிராய்ப்பு, கண்ணில் தூசி என்று முதலுதவிப் பெட்டி திறக்காத மாதமே இருக்காது. உங்கள் பாதுகாப்புப் பலகையில் ஓடும் எண் அநேகமாக எல்.டி.ஐ. கணக்கு. காயம்பட்டவர் அடுத்த ஷிப்டுக்கு வர முடியாமல் போனால்தான் அதில் விபத்தாகப் பதிவாகும். சில கம்பெனிகளில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்தை மட்டுமே எண்ணுவார்கள். சட்டப்படி, காயத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போவதுதான் அந்த வகை. இரண்டும் ஒன்றல்ல. ஒரு ஷிப்ட் மட்டும் வராமல் இருந்தவர் முதல் கணக்கில் விபத்து, இரண்டாவது கணக்கில் ஒன்றுமே இல்லை. உங்களுடையது எது என்று பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு, அதையே ஒரு எளிய வாக்கியமாக எழுதிவிடுங்கள். "விபத்தே இல்லை" என்று பொத்தாம்பொதுவாகப் போட்டீர்களானால், போன மாதம் விரலில் தையல் போட்டுக்கொண்டவர் அதைப் படித்துச் சிரிப்பார். அவர் சிரித்த பிறகு இதழில் வேறு எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் 19 பேரும் அந்த எண்ணில் சேர்த்தியா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் அது பாதிப் பிரிவின் கணக்குதான். அப்படியிருந்தால் இதழை நிறுத்திவைத்து, முதலில் கணக்கைச் சரிசெய்யச் சொல்வேன்.

அடுத்து, இந்த வகைச் செய்திகளில் பெரும்பாலும் மறைத்துவிடும் ஒரு விஷயம். விபத்தில்லா நாள் கணக்கு எப்போதும் ஒரு விபத்தில்தான் தொடங்குகிறது. பலகையில் எண் பூஜ்யமான அன்று ஒருவர் பாதத்தில் காஸ்டிங் விழுந்தது. அது ஃபெட்லிங்கில் எல்லாருக்கும் தெரியும். இதழ் மட்டும் தெரியாததுபோல் எழுதினால் அங்கிருப்பவர்களுக்கு அது அவர்களுடைய கதையாகவே தோன்றாது. அதற்காக விவரமாக விவரிக்க வேண்டாம். ஒரு வாக்கியம் போதும், பெயரும் வேண்டாம். ஆனால் அந்தத் தொழிலாளி இன்னும் அங்கே வேலை செய்கிறார் என்றால், அச்சுக்குப் போகும் முன் அவரிடம் போய் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள். பெயர் போடாவிட்டாலும் அது யார் என்று கம்பெனிக்கே தெரியும். அவர் வேண்டாம் என்றால், "முந்தைய விபத்துக்குப் பிறகு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் கடைசிப் பத்தியிலிருந்த செய்திகளையே வைத்து நான் எழுதிப் பார்த்தது கீழே. பெயரும் தேதியும் நீங்கள் நிரப்ப வேண்டியவை; கணக்கைப் பற்றிய வரிகளைப் பாதுகாப்பு அலுவலர் சொல்வதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தட்டிக் கேட்டு மாட்டுகிறவர்கள்

ஃபெட்லிங்கில் புது கிரைண்டிங் சக்கரம் வந்தால் உடனே மெஷினுக்குப் போகாது. மூத்த ஆபரேட்டர் (பெயர்) அதை மரக் கைப்பிடியால் தட்டுவார். கணீரென்றால் மாட்டலாம். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல், சக்கரம் ஓரமாகப் போய்விடும். "பானை வாங்கும்போது தட்டிப் பாக்க மாட்டீங்களா? அதேதான்" என்கிறார் அவர்.

இந்தப் பிரிவில் (தேதி) அன்றோடு 500 நாட்களாக, காயத்தால் ஒருவர்கூட ஒரு ஷிப்டை இழக்கவில்லை. நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் 34 பேருக்கும் சேர்த்த கணக்கு இது.

கணக்கு தொடங்கியது ஒரு விபத்துக்குப் பின். அடுக்கி வைத்த காஸ்டிங் சரிந்து நம் சக தொழிலாளி ஒருவரின் பாதத்தில் விழுந்தது. இனி எந்த அடுக்கும் முழங்காலைத் தாண்டக் கூடாது என்று ஷிப்டில் இருந்தவர்களே பேசி முடிவெடுத்தார்கள். தடுப்புக் கம்பி வைத்த ஸ்டாண்டுகளை மெயின்டனன்ஸ் பிரிவு செய்து தந்தது. செலவுக்குப் பொது மேலாளர் (பெயர்) அதே வாரம் கையெழுத்திட்டார்.

தப்பிய விபத்துகளை எழுதிப் போடும் பெட்டியில் முன்பு மாதம் நாலைந்து சீட்டு விழும். இப்போது இருபதைத் தாண்டுகிறது. போன மாதம் ஒரு சீட்டு இந்தியில் வந்தது: ஹாய்ஸ்ட் கொக்கியின் லாட்ச் மூடவில்லை. மறுநாளே லாட்ச் மாறியது.

500-ஆவது நாள் கேக் வெட்டினார்கள். அன்றும் பெட்டியில் இரண்டு சீட்டு.

இதில் "சாதனை", "பெருமை", "வெற்றி" எதுவும் இல்லை. ஆச்சரியக்குறியும் இல்லை. ஆனாலும் துள்ளல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காரணம் வினைச்சொற்கள். தட்டுவார், ஓரமாகப் போய்விடும், பேசி முடிவெடுத்தார்கள், கையெழுத்திட்டார் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் யாரோ ஏதோ செய்கிறார்கள். உங்கள் குறிப்பில் "சாத்தியமானது", "படைத்துள்ளது" என்று எல்லாம் தானாக நடந்துவிடுகிறது. நகைச்சுவையும் இருக்கிறது, அந்தப் பானை. அது ஆபரேட்டர் வாயிலிருந்து வந்தது, நீங்கள் சேர்த்த ஜோக் அல்ல. அதைப் படித்து முகம் சுளிக்கப் பாதுகாப்பு அலுவலருக்குக் காரணம் இருக்காது, ஏனென்றால் அதற்குள் ஒரு பாதுகாப்பு முறை இருக்கிறது. அவர் பேசியதை "பார்க்கமாட்டீர்களா" என்று திருத்திவிடாதீர்கள். மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழ் வரலாம், வர வேண்டும். உங்கள் சொந்த வாக்கியங்கள் மட்டும் எழுத்துத் தமிழில் நிற்கட்டும். அந்த எல்லையைக் காப்பாற்றினாலே கலகலப்பும் கண்ணியமும் ஒன்றையொன்று இடிக்காது.

சக்கரம் பற்றி ஒரு எச்சரிக்கை. "எல்லா சக்கரத்தையும் தட்டிப் பார்க்கிறார்கள்" என்று எழுதிவிட வேண்டாம். தட்டிப் பார்க்கும் சோதனை களிமண் வகைப் பிணைப்பில் சுட்டெடுத்த சக்கரங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். ரெசின் பிணைப்புச் சக்கரங்கள் அப்படிக் கணீரென்று ஒலிப்பதில்லை. உங்கள் ஷாப்பில் இரண்டும் இருக்கக்கூடும். அந்த ஆபரேட்டரிடம் எதைத் தட்டுகிறார், எதைத் தட்டுவதில்லை என்று கேட்டு, தேவைப்பட்டால் முதல் வாக்கியத்தில் சக்கரத்தின் வகையைச் சேருங்கள். சுவாரசியத்துக்காக ஒரு சொல்லை அகலப்படுத்தினால், தொழில் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

பொது மேலாளரின் பெயரை எங்கே போடுவது என்பது எல்லா இதழாசிரியருக்கும் தலைவலி. முதல் வரியில் "சீரிய வழிகாட்டுதலில்" என்று போட்டால் அவரே உயிரில்லை என்கிறார், போடாவிட்டால் மனசுக்குள் வருத்தம். அவர் செய்த ஒரு காரியத்தைக் கண்டுபிடித்து, அது நடந்த இடத்தில் போடுவதுதான் வழி. உங்களுக்கு அது கிடைத்தே இருக்கிறது. ஸ்டாண்டு கேட்டதும் மூன்று மாதம் கோப்பை உருட்டாமல் அதே வாரம் கையெழுத்துப் போட்டார். படிக்கிற தொழிலாளிக்கு அந்த ஒரு வாக்கியம் எத்தனை "அவர்களின் மேலான"வையும் விட மரியாதையாகப் படும். ஆனால் "அதே வாரம்" என்பதை வேறு ஒருவரிடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சீட்டுப் பெட்டியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அன்று கம்பெனி அதிகாரிகள் சிலர் மேடையில் இருந்தார்கள். ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழப்பு விபத்தே இல்லை என்று பணியாளர்களைப் பாராட்டுவதும் அந்த வருகையின் நோக்கங்களில் ஒன்று. ஒருவர் பாதத்தில் எதுவும் விழவில்லை என்ற எண், கிணற்றில் அழுத்தம் ஏறுவதைச் சொல்லாது. நாள் கணக்கை மட்டும் கொண்டாடினால் இன்னொரு கெடுதலும் நேரும். எண் பூஜ்யமாகிவிடுமே என்ற பயத்தில் காயத்தை மறைக்கத் தொடங்குவார்கள். கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு "ஒண்ணுமில்லை சார்" என்பார்கள். பரிசோ போனஸோ அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தால் இது இன்னும் மோசமாகும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு 2012-ல் இத்தகைய பரிசுத் திட்டங்களைப் பற்றி எச்சரித்ததே இதற்காகத்தான். உங்கள் ஃபெட்லிங்கில் நாள் கணக்கு ஏறும்போதே சீட்டு எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது. அதாவது ஆட்கள் வாயை மூடிக்கொண்டு 500-ஐ எட்டவில்லை, பேசிப் பேசித்தான் எட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் கையிலிருக்கும் ஆதாரம். சீட்டு குறைந்து நாள் மட்டும் ஏறியிருந்தால் இந்தச் செய்தியை இவ்வளவு உற்சாகமாக எழுத நானே தயங்கியிருப்பேன்.

இதனால்தான் "1000 நாட்களை நோக்கி" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். உற்பத்தி, ஏற்றுமதி என்றால் அடுத்த இலக்கைச் சொல்லி முடிக்கலாம், அழகாகவே இருக்கும். இங்கே அது, 612-ஆவது நாளில் காயம்படப்போகிறவரின் தலையில் மொத்தப் பிரிவின் ஏமாற்றத்தையும் இப்போதே ஏற்றிவைக்கிறது.

பெயர்கள். அரைப் பக்கத்தில் செய்திக்குக் கீழே 34 பேரின் பெயரும் வரட்டும், சின்ன எழுத்தில் நாலு வரியில் அடங்கிவிடும். இதழை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் அந்த நாலு வரிக்காகத்தான் எடுத்துப் போகிறார்கள். நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரிக்காமல் அகர வரிசையில் போடுங்கள். ஒடிசா, பீகார்க்காரர்களின் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒப்பந்தக்காரர் கொடுத்த பட்டியலைப் பார்த்து எழுத வேண்டாம். நேரே போய்ச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். 500 நாளில் சிலர் ஊருக்குப் போயிருப்பார்கள், வேறு பிரிவுக்கு மாறியிருப்பார்கள். "இடையில் நம்மோடு இருந்தவர்கள்" என்று அவர்கள் பெயரும் ஒரு வரியில் வந்தால் நல்லது. இன்னொன்று, இந்தியில் சீட்டு எழுதியவருக்கு உங்கள் தமிழ் இதழைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். செய்தியின் சாரத்தை ஐந்தாறு வரி இந்தியில் எழுதி, ஷிப்ட் தொடக்கத்தில் நடக்கும் டூல் பாக்ஸ் மீட்டிங்கில் சூப்பர்வைசரைப் படிக்கச் சொல்லுங்கள்.

படத்தை மறந்துவிடாதீர்கள். கேக் வெட்டும் படத்தை வைத்திருப்பீர்கள், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சிரிக்கிறவர், ஷூவுக்குப் பதில் செருப்போடு ஓரத்தில் நிற்பவர், பின்னால் மூடியில்லாத கிரைண்டர், முழங்காலைத் தாண்டிய ஒரு அடுக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் அரைப் பக்கமும் வீண். பாதுகாப்புச் செய்தியோடு வரும் படத்தை எல்லாரும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். என் யோசனை, கேக் படமே வேண்டாம். அந்த ஆபரேட்டர் சக்கரத்தைத் தட்டிக் காதுகொடுக்கும் படத்தை எடுங்கள். மெஷின் நிற்கும் நேரத்தில், கண்ணாடி, கையுறை எல்லாம் அங்கே வழக்கமாக எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறதா என்று பாதுகாப்பு அலுவலர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பிறகு அவர் இதழைப் பற்றிப் புகார் சொல்ல வழியிருக்காது.

கடைசியாக, தளவமைப்புக்கு அனுப்பும் முன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஃபெட்லிங்குக்கே போங்கள். ஆபரேட்டரிடம் அவர் சொன்னதையும், சூப்பர்வைசரிடம் 500 என்ற எண்ணையும் தொடக்கத் தேதியையும், மெயின்டனன்ஸில் ஸ்டாண்டு விஷயத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இதழ் அச்சாகி வருவதற்குள் பலகையில் எண் மாறியிருக்கக்கூடும். ஒரு விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இன்றே பொது மேலாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். செய்தியைத் தூக்கிவிட வேண்டாம், தேதியைத் தெளிவாகப் போட்டு வெளியிடுங்கள். அந்த 500 நாள் நடந்தது உண்மை.